பீற்றாத் தேய்வில் காணாமற்போன சக்தி: கலோரிமானியும் நியூத்திரினோவும்

கேள்வி: "அல்பாத் துணிக்கைகள் ஒரே சக்தியோடு வருகின்றன, பீற்றா மட்டும் பூச்சியத்திலிருந்து ஓர் உச்சம் வரை எல்லாச் சக்தியிலும் வருகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். கணக்கு உதைத்ததால் நியூத்திரினோ என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார்களா? இலத்திரன் வெளியே வரும் வழியிலேயே சக்தியை இழந்திருக்கக் கூடாதா?" (உயர்தர மாணவர், வெள்ளவத்தை)

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் 1920களில் பௌதிகவியலாளர்களைப் பிரித்து வைத்த கேள்வி அதுதான். அதைப் பரிசோதனையால் தீர்த்த பிறகுதான் நியூத்திரினோவுக்கே இடம் வந்தது. வகுப்பில் இந்த நடுப்பகுதியைத் தாண்டிப் போய்விடுவதால்தான் கணக்கைச் சரிக்கட்டியது போலத் தோன்றுகிறது. கொழும்பில் பல காலம் கருப்பௌதிகச் செய்முறை வகுப்புகளை நடத்தியவன் என்பதால், கையால் அளக்கக்கூடிய பக்கத்திலிருந்தே சொல்கிறேன். சக்தியை எல்லா இடத்திலும் மெகா இலத்திரன் வோல்ற்றில் தருகிறேன். வேறு அலகு வந்தால் மட்டும் குறிப்பிடுவேன்.

முதலில், ஒரே சக்தி என்று ஏன் எதிர்பார்த்தார்கள்? ஓய்விலுள்ள ஒரு கரு இரண்டு துண்டாக உடைந்தால், இரண்டின் உந்தமும் சமமாகவும் எதிர்த்திசையிலும் இருக்க வேண்டும். வெளிவரும் மொத்தச் சக்தியும் ஒன்றே. இரண்டு தெரியாக் கணியங்கள், இரண்டு நிபந்தனைகள். ஆகவே விடை ஒன்றுதான். அல்பாவில் இது அப்படியே நடக்கிறது. பீற்றாவில் இலத்திரன் மிக இலேசானது என்பதால் நிலைமை இன்னும் கறாரானது. பிசுமத்-210 பொலோனியம்-210 ஆக மாறும்போது 1.16 வெளிவருகிறது. இலத்திரன் அத்தனையையும் எடுத்துக்கொண்டால், பின்னால் உதைக்கப்படும் கருவுக்குக் கிடைப்பது வெறும் 6 அல்லது 7 இலத்திரன் வோல்ற்று. அதாவது கரு எடுத்துக்கொண்டது என்று சொல்லித் தப்ப வழியில்லை. இரண்டே துண்டுகள் என்றால் ஒவ்வொரு இலத்திரனும் 1.16 உடன் வந்தாக வேண்டும்.

ஆனால் வரவில்லை. 1914 இல் ஜேம்ஸ் சாட்விக் பெர்லினில் கைகரின் ஆய்கூடத்தில் இருந்தபோது, இலத்திரன்களைக் காந்தப்புலத்தால் வளைத்து, எண்ணும் கருவியால் ஒவ்வொரு வளைவிலும் எத்தனை வருகின்றன என்று எண்ணினார். அதற்கு முன் மற்றவர்கள் ஒளிப்படத் தட்டுகளில் கூர்மையான கோடுகளைப் பார்த்திருந்தார்கள். ஒளிப்படத் தட்டு கோடுகளைத் தூக்கிக் காட்டும், அடியில் பரந்து கிடக்கும் பின்னணியை மங்கலாக்கிவிடும். எண்ணிப் பார்த்தபோது அந்தக் கோடுகள் சிறுபான்மை என்றும், பெரும்பான்மை இலத்திரன்கள் தொடர்ச்சியாகப் பரந்து கிடக்கின்றன என்றும் தெரிந்தது.

இந்தக் கோடும் பரவலும் ஒன்றாக இருப்பதை இன்றைக்கு யாரும் பார்க்கலாம். மெல்லிய சீசியம்-137 மூலம் ஒன்றை ஒரு சிலிக்கன் உணர்கருவிக்கு முன்னால் வெற்றிடத்தில் வைத்தால், திரையில் ஒரு வழுவழுப்பான மேடு எழும், அது 0.514 அளவில் நிலத்தோடு படிந்துவிடும். அப்புறம் ஒன்றுமில்லாத ஓர் இடைவெளி. பிறகு 0.624 இல் ஊசி போல ஓர் உச்சி. அந்த ஊசி பீற்றாத் தேய்வினால் வந்ததல்ல. தேய்வுக்குப் பின் அருட்டிய நிலையிலிருக்கும் பேரியம் கரு, காமாக் கதிராக விடவேண்டிய 0.662 ஐத் தன் உட்கோளத்து இலத்திரன் ஒன்றுக்கு நேரே கொடுத்து அதை வெளியே தள்ளுகிறது. அங்கே இரண்டு துண்டுகள்தான், அதனால் ஒரே சக்தி. இந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்டும்போது நான் ஒன்றை வலியுறுத்துவேன்: ஊசியும் மேடும் ஒரே மூலத்திலிருந்து, ஒரே மென்தகட்டின் வழியாக, ஒரே கருவிக்குள் வந்தவை. வரும் வழியில் சக்தி உதிர்வதுதான் பரவலுக்குக் காரணம் என்றால் ஊசியும் அல்லவா பரந்து போயிருக்க வேண்டும்? பரவல் தேய்விலேயே இருக்கிறது, வழியில் இல்லை.

ஆனால் 1920களில் அப்படி முடிவுகட்ட முடியவில்லை. லீசே மைட்னர், இலத்திரன்கள் கருவை விட்டு ஒரே சக்தியில்தான் கிளம்புகின்றன, பிறகுதான் ஏதோ ஒரு வழியில் இழக்கின்றன என்று உறுதியாக வாதாடினார். கேம்பிரிட்ஜில் சார்ள்ஸ் எல்லிஸ், இல்லை, கிளம்பும்போதே வெவ்வேறு சக்தி என்றார். ஒரே அளவு பெற்றோலோடு கோட்டையிலிருந்து கிளம்பிய ஓட்டோக்கள் வெள்ளவத்தைக்கு வரும்போது, நெரிசலைப் பொறுத்து ஆளுக்கொரு அளவு மீதி வைத்திருப்பதைப் போன்றது மைட்னரின் படம். முடிவிடத்தில் மட்டும் நின்று பார்ப்பவருக்கு இரண்டு கட்சியும் ஒன்றுபோலத் தெரியும். வழியில் எரிந்ததையும் சேர்த்து அளந்தால்தான் தீர்ப்பு.

அதைத்தான் எல்லிஸும் வூஸ்டரும் 1927 இல் வெளியிட்ட பரிசோதனையில் செய்தார்கள். மூலத்தை ஈயத்தாலான சிறிய கலோரிமானிக்குள் மூடி வைத்தார்கள். இலத்திரன் மூலத்துக்குள் இழந்தாலும், ஈயத்துக்குள் இழந்தாலும், அணுவின் மற்ற இலத்திரன்களோடு மோதி இழந்தாலும், எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் ஆக வேண்டும். மைட்னர் சொன்னது சரியென்றால் ஒரு தேய்வுக்குக் கிடைக்கும் வெப்பம், பரவலின் மேல் நுனியான 1.05 ஆக இருக்கும் (அன்று அளந்த நுனி அதுதான்). எல்லிஸ் சரியென்றால் பரவலின் சராசரியான 0.39 அளவில் இருக்கும். மூலமாக எடுத்தது அன்று ரேடியம்-ஈ என்று அழைத்த பிசுமத்-210. தெரிவு மிக நல்லது: அது காமாக் கதிர் விடுவதில்லை, ஆகவே ஈயத்தை ஊடுருவித் தப்பக்கூடிய அறிந்த கதிர் எதுவுமில்லை. அரைவாழ்வுக்காலமும் 5 நாள்தான், ஆகவே வெப்பம் குறைந்துபோவதைக் கண்முன்னே பார்க்கலாம்.

ஒரு சிக்கல் இருந்தது. மொத்த வெப்பத்தை அளந்தாலும், அது எத்தனை தேய்வுகளுக்குரியது என்று தெரிந்தால்தான் ஒரு தேய்வின் பங்கைக் காணமுடியும். இதற்கு அவர்கள் கண்ட வழி இன்றும் எனக்கு வியப்பைத் தரும். பிசுமத்-210 தேய்ந்து உருவாகும் பொலோனியம்-210 தானும் கதிர்த்தொழிற்பாடுள்ளது. அது 138 நாள் அரைவாழ்வுக்காலத்தோடு ஏறத்தாழ 5.3 சக்தியுள்ள அல்பாவை விடும், அல்பாவின் சக்தியோ நன்றாகத் தெரிந்த ஒன்று. பிசுமத் அணு ஒன்று போனால் பொலோனியம் அணு ஒன்று பிறக்கிறது. எனவே பிற்பாடு வரும் பொலோனியத்தின் வெப்பமே, முன்பு இருந்த பிசுமத் அணுக்களை எண்ணித் தந்துவிடுகிறது.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் சுத்தமான பிசுமத்-210 மட்டும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மூலத்தின் வெப்ப வீதம், தேய்வுக்கான சக்தியை அரைவாழ்வுக்காலத்தால் வகுப்பதற்கு விகிதசமம். சராசரிதான் உண்மை என்றால் ஆரம்ப வெப்பம் 0.39/5, அதாவது 0.078. மேல் நுனி உண்மை என்றால் 1.05/5, அதாவது 0.21. ஏறக்குறைய நான்கு வாரம் கழித்துப் பிசுமத் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது, பொலோனியம் மட்டும் வெப்பம் தருகிறது: 5.3/138, அதாவது 0.038; இந்த இடைவெளியில் அதுவும் கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஆகவே 0.034 என்று வையுங்கள். அப்படியானால் கடைசி வெப்பம் முதல் வெப்பத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் எல்லிஸ் வெல்கிறார், ஆறில் ஒரு பங்காக இருந்தால் மைட்னர் வெல்கிறார். அளவீட்டில் ஐந்து பத்து வீதம் பிழை இருந்தாலும் இந்த இரண்டையும் மாறிப் பார்க்க முடியாது. அவர்களுக்குக் கிடைத்த விடை ஒரு தேய்வுக்கு 0.35, பிழை 0.04. மைட்னர் தன் பக்கம் தோற்றதை நம்பாமல், ஓர்த்மனோடு சேர்ந்து பரிசோதனையைத் தானே திரும்பச் செய்து 1930 இல் 0.34 என்று வெளியிட்டார். தப்பிப்போகும் காமா இருக்கிறதா என்றும் தேடி, இல்லை என்று உறுதிசெய்தார். எதிர்க்கட்சியே உறுதிப்படுத்திய முடிவு என்பதால் அதற்குப் பிறகு விவாதத்துக்கு இடமிருக்கவில்லை.

ஆக உங்கள் கேள்விக்கு விடை: இழக்கவில்லை. இழந்திருந்தால் ஈயம் சூடாகியிருக்கும். சராசரியாக 0.7 க்கு மேல் சக்தி, ஈயச் சுவரில் எந்தத் தடயமும் விடாமல் காணாமற் போகிறது.

இப்போது இரண்டு வழிதான். நீல்ஸ் போர், கருவுக்குள் சக்திக் காப்பு ஒவ்வொரு தேய்விலும் பொருந்தாமல், சராசரியாக மட்டும் பொருந்தக்கூடும் என்று சொல்லத் துணிந்தார். வொல்ஃப்காங் பௌலி 1930 டிசம்பர் 4 இல், தூபிங்கன் நகரில் கூடியிருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில், இலத்திரனோடு சேர்ந்து ஏற்றமில்லாத, மிக இலேசான இன்னொரு துணிக்கையும் வெளியேறுகிறது என்றார். அதைக் கையறு நிலையில் எடுத்த வழி என்று அவரே அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார், ஆதாரம் போதாது என்பதால் அப்போது கட்டுரையாக வெளியிடவும் இல்லை. ஆகவே நீங்கள் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பது தவறல்ல. சக்திக்கு மட்டுமல்ல, துணிக்கையின் உள்ளார்ந்த கோண உந்தமான கறங்கலுக்கும் அந்தத் துணிக்கை தேவைப்பட்டது. அரைக் கறங்கலுள்ள இலத்திரன் ஒன்று மட்டும் வெளியேறினால் கருவின் கறங்கல் அரையால் மாற வேண்டும். ஆனால் திணிவெண் மாறாத கருவில் அது முழு எண்ணால்தான் மாறமுடியும். அரைக் கறங்கலுள்ள இரண்டாவது துணிக்கை ஒன்று சேர்ந்தால் அந்தக் கணக்கும் நேராகிறது.

போரையும் பௌலியையும் பிரித்தறிய, பரவலின் சராசரியை விட்டுவிட்டு மேல் நுனியைப் பார்க்க வேண்டும். எல்லிஸும் மொட்டும் 1933 இல் எடுத்துக்காட்டியது இதுதான். நுனி கூர்மையாக இருக்கிறது. சக்தி தன்பாட்டுக்குக் கூடிக்குறையும் என்றால் சில இலத்திரன்களாவது நுனியைத் தாண்டி வரவேண்டும், ஒன்றும் வருவதில்லை. இதைவிடப் பலமான சான்று பிசுமத்-212 இல் இருக்கிறது. அது ஈயம்-208 ஐ இரண்டு பாதையால் அடைகிறது. ஒரு பாதையில் முதலில் பீற்றா, பிறகு அல்பா. மற்றதில் முதலில் அல்பா, பிறகு பீற்றாவும் காமாக்களும். புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்று என்பதால் மொத்தச் சக்தி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்றைய எண்களைப் போட்டால் முதல் பாதையில் பீற்றாவின் நுனி 2.25, அல்பாத் தேய்வு 8.95, கூட்டினால் 11.20. இரண்டாவதில் அல்பாத் தேய்வு 6.21, முக்கியக் கிளையில் பீற்றாவின் நுனி 1.80, காமா இரண்டும் சேர்ந்து 3.20, கூட்டினால் 11.21. கடைசி இலக்கத்து வித்தியாசம் எண்களை முழுமைப்படுத்தியதால் வந்தது. நுனிக்குப் பதிலாகச் சராசரிகளை, அதாவது ஏறத்தாழ 0.83 ஐயும் 0.65 ஐயும், போட்டுப் பாருங்கள்: 9.78, 10.06. ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தேய்விலும் நுனியளவு சக்தி முழுதாக வெளியேறுகிறது, இலத்திரன் கொண்டுவருவது அதில் ஒரு பங்கு மட்டும் என்றுதான் இதைப் படிக்க முடியும். மீதிப் பங்கை வேறொன்று தூக்கிக்கொண்டு போகிறது.

மூன்று பொருள்கள் வந்துவிட்டால் தொடர்ச்சியான பரவல் தானாக வருகிறது. கரு மிகப் பாரமானது. உந்தத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அது எடுத்துக்கொள்ளும், ஆனால் சக்தியில் எடுப்பது சில இலத்திரன் வோல்ற்று. ஆகவே இலத்திரனும் நியூத்திரினோவும் எந்தத் திசையிலும் போகலாம், எந்த விகிதத்திலும் சக்தியைப் பிரிக்கலாம். உந்தக் கணக்கைக் கரு நேராக்கிவிடும். (இங்கே வெளிவருவது கண்டிப்பாகச் சொன்னால் எதிர்நியூத்திரினோ. வாசிக்க இலகுவாக நியூத்திரினோ என்றே எழுதுகிறேன்.)

எந்த விகிதம் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதை 1934 இல் என்றிக்கோ பேர்மி தன் கொள்கையால் கணித்தார். உங்கள் சந்தேகத்துக்கு நேரான மறுமொழி இங்கேதான் இருக்கிறது. சரிக்கட்டச் சேர்த்த துணிக்கை, விட்டுப்போன தொகையை நிரப்பும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. இது பரவலின் வடிவத்தையே முன்கூட்டிச் சொல்லியது. இலத்திரனின் உந்தம் p, அதன் இயக்கச் சக்தி T, மேல் நுனி Q என்றால்:

```
N(p) ∝ F(Z, p) · p² · (Q − T)²
```

p² என்பது அந்த உந்தத்தோடு இலத்திரன் போகக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை. மெதுவான இலத்திரனுக்கு நிலைகள் குறைவு, அதனால் மேடு இடப்பக்கம் தாழ்கிறது. (Q − T)² என்பது நியூத்திரினோவுக்கு மிஞ்சும் சக்தியால் அதற்குக் கிடைக்கும் நிலைகள். இலத்திரன் எல்லாவற்றையும் எடுத்தால் நியூத்திரினோவுக்கு ஒன்றும் மிஞ்சாது, அதனால் வலப்பக்கமும் மேடு தரையைத் தொடுகிறது, அதுவும் செங்குத்தாக விழாமல் வழுக்கிக்கொண்டு. F என்பது கருவின் நேரேற்றம் இலத்திரனைப் பின்னால் இழுப்பதற்கான திருத்தம். பரிசோதனையில் கிடைத்த N ஐ F · p² ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து T க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவேண்டும், அது T அச்சை Q இல் வெட்ட வேண்டும். எளிய தேய்வுகளில் அப்படியே வருகிறது. தடித்த மூலத்தை வைத்து அளந்தால், இடப்பக்க நுனியில் புள்ளிகள் கோட்டுக்கு மேலே எழும்பிவிடும். நீங்கள் கேட்ட சக்தியிழப்பு உண்மையில் நடக்கும்போது அது காட்டும் அடையாளம் அது. மூலத்தை மெல்லியதாக்கினால் புள்ளிகள் கோட்டுக்கு இறங்கும். பரவல் மட்டும் போகாது. ஓர் எச்சரிக்கை: மேலே நான் எடுத்த பிசுமத்-210 இந்த நேர்கோட்டுக்கு நல்ல உதாரணம் அல்ல. அது தடைப்பட்ட தேய்வு வகையைச் சேர்ந்தது, அதன் வடிவத்துக்கு இன்னொரு திருத்தம் வேண்டும். கலோரிமானிக்குச் சிறந்தது வடிவத்துக்குச் சிறந்ததாக இல்லை.

நியூத்திரினோ ஒரு தனித் துணிக்கை என்பதற்கு இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் பாடப்புத்தகங்களில் அரிதாகவே வரும். ஆகன்-37 கரு பீற்றா விடுவதில்லை. தன் உட்கோளத்து இலத்திரன் ஒன்றை விழுங்கிக் குளோரீன்-37 ஆகிறது. நியூத்திரினோ உண்மை என்றால் இங்கே வெளியேறுவது அது ஒன்றுதான். மறுபடியும் இரண்டே துண்டுகள். ஆகவே பின்னடிக்கும் குளோரீன் கருவுக்குப் பரவல் இருக்கக் கூடாது, ஒரே சக்தி இருக்க வேண்டும், கணக்கிட்டால் 9.6 இலத்திரன் வோல்ற்று. 1952 இல் ரோட்பாக், அலன் இருவரும் அந்தக் கருக்கள் ஒரு குறித்த தூரத்தைக் கடக்கும் நேரத்தை அளந்தபோது அந்தப் பெறுமானத்துக்குப் பொருந்தியது. போர் சொன்ன சராசரிக் காப்பால் இப்படி ஒரு தனிச் சக்தியை விளக்க முடியாது.

நேரே பிடிபட்டது 1956 இல். அமெரிக்காவின் சவானா றிவர் அணு உலைக்கு அருகில் ரெயின்ஸும் கோவனும் வைத்த நீர்த்தொட்டிகளில், நியூத்திரினோ ஒரு புரோத்தனை மோதி அதை நியூத்திரனாக்கி ஒரு பொசித்திரனையும் உண்டாக்கியது. பொசித்திரன் அழியும் காமாக்கள் முதலில், சில மைக்ரோ செக்கனுக்குப் பின் நியூத்திரனைக் கட்மியம் விழுங்கும் காமாக்கள்: இந்த இரட்டைச் சமிக்ஞைதான் அடையாளம். உலை ஓடும்போது கூடியது, நிறுத்தினால் குறைந்தது. ஈயக் கலோரிமானி ஏன் ஒன்றும் உணரவில்லை என்பதும் இதே கதையில் அடங்கும். நியூத்திரினோ மென்விசையால் மட்டுமே இடைவினை செய்கிறது, அதற்குச் சில மில்லிமீற்றர் ஈயம் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதுவரை சொன்னதில் ஐயத்துக்கு இடமில்லை. இன்னும் திறந்திருப்பவை வேறு. நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்பது ஒரு வகை நியூத்திரினோ இன்னொரு வகையாக மாறுவதால் தெரிகிறது. ஆனால் அந்த மாற்றம் திணிவுகளின் வர்க்க வித்தியாசத்தைத்தான் தரும், திணிவைத் தராது. நியூத்திரினோவும் எதிர்நியூத்திரினோவும் உண்மையில் ஒரே துணிக்கையா என்பதும் தீரவில்லை. திணிவைத் தேடும் நேரான வழி இன்றும் பீற்றாப் பரவலின் மேல் நுனிதான். மேலே தந்த (Q − T)² திணிவற்ற நியூத்திரினோவுக்குரியது. திணிவு இருந்தால் வளைவு Q க்குச் சற்று முன்னரே, வழுக்காமல் வெட்டுப்பட்டு முடியும். ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள கற்றின் என்னும் பரிசோதனை, 18.6 கிலோ இலத்திரன் வோல்ற்று நுனியுள்ள திரித்தியத்தில் அந்த வெட்டைத் தேடுகிறது. கடைசி ஒரு இலத்திரன் வோல்ற்றுக்குள் விழுவது ஏறத்தாழ பத்து இலட்சம் கோடி தேய்வில் இரண்டே என்பதால் மிகப் பலமான மூலம் தேவை. 2025 இல் வெளியான அவர்களின் முடிவின்படி வெட்டு இன்னும் தென்படவில்லை, திணிவு 0.45 இலத்திரன் வோல்ற்றுக்குக் குறைவு என்ற மேலெல்லை மட்டும் கிடைத்திருக்கிறது.